கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ் ஏறும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு: டிஸ்ப்ளே மாற்றுவதற்கு முன்

அன்புத் தம்பி தங்கைகளுக்கு,

என் வீடு கோலியனூர். விழுப்புரத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செமஸ்டர் தொடங்கியதும் உங்களில் யாராவது உடைந்த போனோடு கடை வாசலில் நிற்பீர்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, கம்பெனி சென்டர்ல ஏழாயிரம் கேக்குறாங்க, நீங்க எவ்வளவுக்குப் பண்ணித் தருவீங்க?" நான் ஒரு தொகை சொல்வேன். அடுத்த கடையில் அதைவிடக் குறைத்துச் சொல்வார்கள். எங்கே குறைவோ அங்கே போனைக் கொடுத்துவிடுவீர்கள்.

கடை நெரிசலில் நின்றுகொண்டு இதற்கு முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல். சென்டர் சொல்லும் ஏழாயிரமும் கடை சொல்லும் இரண்டாயிரமும் ஒரே பொருளின் இரண்டு விலைகள் அல்ல. இரண்டு இடத்திலும் உங்களுக்குக் கிடைப்பது வேறு, நீங்கள் இழப்பது வேறு. இழப்பது என்னவென்று அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துத்தான் தெரியும்.

நாம் 'டிஸ்ப்ளே' என்று சொல்வது, கடைக்காரர்கள் 'காம்போ' என்று சொல்வது, மூன்று அடுக்குகள் ஒட்டிய ஒரே துண்டு. மேலே கண்ணாடி, அதன்கீழ் விரல் படுவதை உணரும் டச், அடியில் படம் காட்டும் பேனல். மூன்றையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் மொத்தமாகத்தான் மாற்றுகிறோம். படம் தெளிவாக இருந்து, டச்சும் எல்லா இடத்திலும் வேலை செய்தால், உடைந்தது மேல் கண்ணாடி மட்டும்தான். மை கொட்டியதுபோல் கறுப்பு பரவினாலோ கோடுகள் வந்தாலோ பேனலும் போய்விட்டது. கண்ணாடியை மட்டும் மாற்றும் வேலையும் உண்டு. சூடு தட்டில் வைத்து, மெல்லிய கம்பியால் கண்ணாடியைப் பேனலிலிருந்து அறுத்தெடுத்து, புதுப் பசைத்தாள் வைத்து அழுத்தி, குமிழ் போக்கும் மிஷினில் வைக்க வேண்டும். மிஷினும் பழகிய கையும் இருக்கும் இடத்தில் நன்றாக வரும். மெல்லிய அமோலெட் பேனலாக இருந்தால் அறுக்கும்போதே பேனல் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. செத்தால் யார் பொறுப்பு என்பதைப் போனைக் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பேனலில் இரண்டு சாதி. எல்சிடி பேனலுக்குப் பின்னாலிருந்து ஒரு விளக்கு எரியும். அமோலெட் பேனலில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். உங்கள் போன் எந்த வகை என்று தெரியாவிட்டால், வாங்கிய பெட்டியிலோ கம்பெனி வெப்சைட்டிலோ போட்டிருக்கும். இதை முதலில் தெரிந்துகொண்டு கடைக்கு வாருங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

கடையில் கிடைக்கும் காம்போவிலும் தரம் உண்டு. கம்பெனியே சர்வீசுக்காகப் பெட்டியில் போட்டு அனுப்புவது 'சர்வீஸ் பேக்'. அடுத்தது, பழைய போனிலிருந்து கழற்றிய அசல் பேனலுக்குப் புதுக் கண்ணாடி ஒட்டியது. இதையும் கடைகளில் 'ஒரிஜினல்' என்றுதான் சொல்வார்கள், அது பாதி உண்மை. அதற்கும் கீழே காப்பி. அமோலெட் போனுக்கு வரும் மலிவான காப்பி பெரும்பாலும் அமோலெட்டே அல்ல. 'இன்செல்' என்ற பெயரில் வரும் எல்சிடி அது. இரண்டாயிரத்துக்கு முடிகிறது என்றால் உள்ளே போவது அதுதான்.

நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த வீட்டுப் பெண், விழுப்புரத்தில் கல்லூரிப் படிப்பு. பொங்கல் சமயத்தில் 19,000 ரூபாய்க்கு அமோலெட் போன் வாங்கினாள். டிஸ்ப்ளேவுக்குள்ளேயே கைரேகை வைக்கும் வகை. ஜூன் மாதம் பஸ் படிக்கட்டில் விழுந்து டிஸ்ப்ளே போனது. கம்பெனி சென்டரில் வரி உட்பட 6,800 கேட்டார்கள். "ஒரு வருஷ வாரண்டி இருக்கே?" என்று கேட்டதற்கு, உடைந்த டிஸ்ப்ளேவுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அது சரியான பதில்தான். வாரண்டி என்பது தயாரிப்பில் வந்த குறைக்கு, கை தவறி விழுந்ததற்கு அல்ல. எந்தக் கம்பெனியிலும் இதுதான் நிலை.

ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் வீட்டில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: டிஸ்ப்ளேவுக்கே உதவாத வாரண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கடையில் 2,200 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். அன்று மாலையே கைரேகை வேலை செய்யவில்லை. கடைக்காரர் சென்சார் போயிருக்கும் என்றார். சென்சார் போகவில்லை. அந்த வகை சென்சார் டிஸ்ப்ளேவின் வழியாக விரலைப் பார்க்கிறது. அமோலெட் ஒளியை ஊடுருவ விடும், எல்சிடியின் பின்விளக்கு அடுக்கு விடாது. எல்சிடி காப்பியைப் போட்டால் எவ்வளவு முயன்றாலும் அது வராது. அதோடு வெயிலில் திரை மங்கியது, பேட்டரியும் முன்னைவிட வேகமாக இறங்கியது. பேனல் தடிமனாக இருந்ததால் ஒரு ஓரம் ஃபிரேமில் சரியாக உட்காரவில்லை.

இதுவரைக்கும் போனது வசதி மட்டும். செப்டம்பரில் போன் தானாக அணைந்து அணைந்து எழுந்தது, கடைசியில் கம்பெனி லோகோவிலேயே நின்றுவிட்டது. மதர்போர்டுக் கோளாறு. வாங்கி ஒரு வருஷம் ஆகவில்லை. இதுதான் வாரண்டியில் இலவசமாகச் செய்துதர வேண்டிய வேலை. சென்டரில் பின்மூடியைத் திறந்து பார்த்தவர்கள், வெளியாள் திறந்திருக்கிறார், டிஸ்ப்ளே கம்பெனியுடையது அல்ல என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாரண்டியை மறுத்துவிட்டார்கள். போர்டு மாற்ற 9,500 சொன்னார்கள். 6,800 ரூபாய் கட்டியிருந்தால் முடிந்திருக்க வேண்டியது, 2,200 போட்ட பிறகு 9,500 கேட்டு நின்றது. போன் அலமாரிக்குப் போய்விட்டது.

திறந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மறைக்கவே முடியாது. இப்போதைய போன்களில் பெரும்பாலானவற்றைப் பின்மூடியைச் சூடாக்கித்தான் திறக்க வேண்டும். உள்ளே ஏதாவது ஒரு ஸ்க்ரூவின் தலைமேல் சிறு ஸ்டிக்கர் இருக்கும், ஸ்க்ரூவைத் தொட்டால் அது கிழியும். கம்பெனி பசை அளவாக வெட்டிய நாடா. நாங்கள் போடுவது டியூபிலிருந்து பிதுக்கும் பசை, அது ஓரங்களில் வழிந்த தடம் இருக்கும். பேனலின் அடையாள எண் போனின் எண்ணோடு பொருந்தாது. ஐபோனில் இன்னும் வெளிப்படை: ஐபோன் 11 முதல், அசல் அல்லாத டிஸ்ப்ளே போட்டால் Settings > General > About பகுதியில் Unknown Part என்று வரும். பழைய போனாக விற்கப் போகும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

விழுந்து உடைந்த போனைச் சென்டரில் பணம் கட்டிச் சரிசெய்துகொண்டால், மிச்ச மாதங்களுக்கான வாரண்டி பொதுவாக அப்படியே தொடரும். ஃபிரேம் வளைந்திருந்தாலோ உள்ளே தண்ணீர் புகுந்திருந்தாலோ அவர்களும் மறுப்பார்கள். அதனால் எஸ்டிமேட் வாங்கும்போதே, "டிஸ்ப்ளே மாற்றிய பிறகு மற்ற பாகங்களுக்கு வாரண்டி தொடருமா?" என்று கேட்டு, ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். புதிதாகப் போடும் டிஸ்ப்ளேவுக்கும் தனியாக ஒரு வாரண்டி தருவார்கள். ஆப்பிளில் 90 நாள், அல்லது போனின் மிச்ச வாரண்டி, எது அதிகமோ அது. மற்றக் கம்பெனிகளில் எத்தனை நாள் என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடையில் போன் வாங்கும்போது டிஸ்ப்ளே பாதுகாப்புத் திட்டம் என்று ஆயிரம், இரண்டாயிரம் கட்டியிருப்பீர்கள். அதை வீட்டில் பலரும் மறந்தே போகிறார்கள். உடைந்தவுடன் முதலில் அந்தக் காகிதத்தைத் தேடுங்கள். திட்டம் சொல்லும் இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும். வெளியில் மாற்றிவிட்டு பில்லைக் கொண்டுபோனால் ஒரு ரூபாய் தர மாட்டார்கள்.

வாரண்டிக் காலம் முடிந்த பிறகும் அசல் டிஸ்ப்ளேவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதைப் 'பச்சைக் கோடு' விவகாரம் காட்டியது. அமோலெட் போன்களில் விழாமல் உடையாமல், சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட பிறகு திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு வருவதாக நாடெங்கும் புகார். இந்தியாவில் ஒன்பிளஸ் நிறுவனம் 2023-இல், பாதிக்கப்பட்ட சில மாடல்களின் டிஸ்ப்ளேவுக்கு வாழ்நாள் வாரண்டி அறிவித்தது. சாம்சங் 2024-இல் சில கேலக்ஸி மாடல்களுக்கு, அடிபடாமல் தண்ணீர் படாமல் இருந்தால் ஒருமுறை இலவசமாக மாற்றித் தந்தது. கோடு வந்தவுடன் அவசரப்பட்டு வெளிக்கடையில் காப்பி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தச் சலுகையைக் கேட்க வழியில்லாமல் போனது. அசல் பேனலே கையில் இல்லை. உடையாத போனில் தானாகக் கோடு வந்தால், வாங்கி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், எங்களிடம் வருவதற்கு முன் சென்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அதற்குக் காரணமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தென்பெண்ணையில் வெள்ளம், விழுப்புரம் பக்கமெல்லாம் தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு என் மேசைக்கு வந்த போன்களில் ஒன்றைக் கவனித்தேன். சட்டைப் பையில் நனைந்த அளவுக்கே நனைந்த போன்களில், ஏற்கனவே வெளியில் டிஸ்ப்ளே மாற்றியவை அதிகமாகச் செத்திருந்தன. கம்பெனியில் ஒட்டும்போது சுற்றிலும் இடைவெளி இல்லாத நாடா. கடையில் பசையைப் போட்டு, கிளிப்போ ரப்பர் பேண்டோ மாட்டி, சில மணி நேரம் காய விட வேண்டும். "அண்ணா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அரை மணியில் வாங்கிப் போனால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த மயிரிழை இடைவெளி போதும். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்ததையெல்லாம், வெளியில் ஒருமுறை திறந்த பிறகு நம்பவே கூடாது. ஒழுங்காகப் பசை காய மாலைவரை கொடுங்கள் என்று கேட்கும் கடைக்காரர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

இவ்வளவு சொன்னதால் எங்களைப் போன்ற கடைகளுக்கு வரவே வேண்டாம் என்பதல்ல. வாரண்டி முடிந்து, எல்சிடி பேனலும், பின்பக்கமோ பக்கவாட்டுப் பட்டனிலோ கைரேகையும் உள்ள போனுக்குக் கடைதான் சரியான இடம். வாங்கி மூன்று வருஷம் ஆன, இன்றைக்கு விற்றால் நாலாயிரம்கூடப் போகாத போனுக்குச் சென்டரில் நாலாயிரம் கட்டுவது நியாயமே இல்லை. எல்சிடிக்கு எல்சிடி போடும்போது நல்ல தரக் காம்போ ஆயிரத்து சொச்சத்தில் முடியும், வித்தியாசமும் பெரிதாகத் தெரியாது. பழைய மாடல் என்று சென்டரில் பார்ட் கிடைக்காமல் வாரக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. இன்னொன்று, சில கம்பெனிகள் டிஸ்ப்ளேவை ஃபிரேமோடு, சிலநேரம் பேட்டரியோடும் சேர்த்து ஒரே பார்ட்டாகத்தான் தருகின்றன. அங்கே விலை ஏறுவதற்கு அதுவும் காரணம். சென்டரில் கொடுக்கும் முன் போட்டோ, நோட்ஸ் எல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனை அழித்துத்தான் வேலை தொடங்குவோம் என்று அங்கே கையெழுத்து வாங்குவது வழக்கம்.

சந்தேகம் வருவது நடுவில் உள்ள போன்களுக்குத்தான்: வாரண்டி முடிந்தது, ஆனால் அமோலெட். நான் பார்த்தவரையில், இன்னும் இரண்டு வருஷம் அந்தப் போனை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் சென்டர், அல்லது கடையில் சர்வீஸ் பேக். இன்செல் வேண்டாம். ஆறு மாதத்தில் மாற்றிவிடப் போகிறீர்கள், கைரேகை இல்லாமல் பின் நம்பர் போட்டு ஓட்டிக்கொள்வேன் என்றால், தெரிந்தே இன்செல் போட்டுக்கொள்ளலாம். தெரியாமல் போட்டுக்கொள்வதில்தான் எனக்கு வருத்தம். அதிலும் வாரண்டியில் இன்னும் பல மாதம் மிச்சமுள்ள அமோலெட் போனை என்னிடம் கொண்டுவந்தால், வருமானம் போனாலும் சென்டருக்குப் போகச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

சென்டர் என்றால் கம்பெனி சென்டரா என்பதையும் பாருங்கள். பிராண்ட் லோகோவைப் போர்டில் போட்டுக்கொண்டால் அது அங்கீகாரம் ஆகிவிடாது. கூகுளில் முதலில் வரும் நம்பரை நம்பாமல், கம்பெனியின் வெப்சைட்டில் உள்ள சென்டர் பட்டியலில் விழுப்புரம், திண்டிவனம், பாண்டிச்சேரி என்று தேடி முகவரி எடுங்கள். சரியான சென்டரில் போனின் ஐஎம்இஐ எண்ணைக் கேட்டு, அதை வைத்து வாரண்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த எண் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும், *#06# அடித்தால் வரும்.

கடையில் கொடுக்கிறீர்கள் என்றால் சிம்மை எடுத்துவிடுங்கள். போனின் லாக் நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். டிஸ்ப்ளே மாற்ற அது தேவையில்லை, கடைசியில் சோதிக்கும்போது நீங்களே திறந்து காட்டலாம். போடப்போகும் காம்போ அமோலெட்டா, இன்செல்லா, கழற்றிய அசலா என்று கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு முன் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் எப்படியும் அதைச் செய்துதான் பார்ப்பார். உங்கள் பழைய டிஸ்ப்ளேவைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி மட்டும் உடைந்து பேனல் உயிரோடு இருந்தால் அதற்குச் சந்தையில் விலை இருக்கிறது, அதை வாங்கிப் புதுக் கண்ணாடி ஒட்டித்தான் 'ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். கடையிலேயே விட்டுவிடுவதானால் அதற்கான தொகையைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைச் சொன்னதற்கு என் தொழில்காரர்கள் சிலர் கோபிப்பார்கள். பரவாயில்லை, பொருள் உங்களுடையது.

வாங்கும்போது பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சாம்சங்கில் *#0*# அடித்தால் சோதனைப் பக்கம் வரும். சிவப்பு, பச்சை, நீலம் காட்டிப் பார்க்கலாம், டச் சோதனையில் கட்டங்கள் முழுக்க விரலை ஓட்டலாம். ஷியோமி, ரெட்மியில் *#*#6484#*#*. மற்ற போன்களில் ஒரு ஆப் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரையின் நான்கு ஓரமும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்கே நழுவி விழுகிறதோ அங்கே டச் இல்லை. முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, கையால் வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். சாம்பல் நிறமாக ஒளிர்ந்தால் அது எல்சிடி, என்ன பெயர் சொல்லி விற்றாலும் சரி. யாருக்காவது கால் போட்டு காதருகே கொண்டுபோங்கள், திரை அணைய வேண்டும். அணையாவிட்டால் சென்சார் இடம் மாறியிருக்கிறது. சார்ஜர் மாட்டியபடியும் டச்சைப் பாருங்கள். மலிவுக் காப்பிகள் சார்ஜ் ஏறும்போது தானாக அழுந்தும். கைரேகையைப் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்து பாருங்கள்.

பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். பில் இல்லாமல் 'ஆறு மாத கியாரண்டி' என்று வாயால் சொன்னது அடுத்த வாரம் யாருக்கும் நினைவிருக்காது. கடை பெயர், தேதி, மாடல், போட்ட பார்ட்டின் வகை, எத்தனை நாள் வாரண்டி, எதற்கு வாரண்டி, இவ்வளவும் அதில் வேண்டும். சென்டராக இருந்தாலும் கடையாக இருந்தாலும், எழுதித் தந்ததை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் விழுப்புரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. டிஸ்ப்ளே வழக்கெல்லாம் அதற்குள்தான் வரும்.

வெளியாள் தொட்டார் என்பதற்காக, தொடாத பாகத்துக்கும் வாரண்டி இல்லை என்று கம்பெனி சொல்வது நியாயமா என்று அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் கேட்டார். அமெரிக்காவில் 1975-லேயே, எங்கள் இடத்தில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைச் சட்டம் தடுத்துவிட்டது. நம் நாட்டில் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸ் விவரங்களும் பார்ட் விவரங்களும் கம்பெனிகள் அதில் தர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் கம்பெனியின் வாரண்டி நிபந்தனையைத் தடுக்கும் அளவுக்குத் தெளிவான தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதுதான் செல்லும். எனவே போன் உடைந்த அன்று முதல் வேலையாக வாங்கிய பில்லை எடுத்து, வாரண்டி என்றைக்கு முடிகிறது என்ற தேதியைப் பாருங்கள். அதன் பிறகு எங்கே போவதென்று முடிவு செய்யுங்கள். குழப்பமாக இருந்தால் பில்லோடு கடைக்கு வாருங்கள். பார்த்துச் சொல்ல நான் பணம் வாங்குவதில்லை.

அன்புடன்,
கோலியனூரிலிருந்து ஒரு மொபைல் சர்வீஸ்காரர்